மூலத்தில் உள்ளபடி

புதுச்சேரி சென்னை உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருக்கிறது. இங்கே கீழ்க் கோர்ட்டில் ஒருவர் தமிழில் கொடுத்த பிரமாணப் பத்திரம் அப்படியே கட்டில் ஏறும். வழக்கு மேல்முறையீட்டுக்குச் சென்னை போகும்போதுதான் ஆங்கிலம் தேவைப்படுகிறது. உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம் என்று அரசியலமைப்பின் 348-வது பிரிவு சொல்கிறது. எனவே சென்னை வக்கீல்கள் ‘டைப்டு செட்’ என்று சொல்லும் தொகுப்பில் ஒவ்வொரு தமிழ்க் காகிதத்துக்கும் பக்கத்தில் அதன் ஆங்கில வடிவம் இருக்க வேண்டும். என் பிழைப்பில் பெரும்பகுதி அந்தப் பக்கங்களில் நடந்தது.

கடிதத்தையோ விற்பனைப் பத்திரத்தையோ மொழிபெயர்ப்பதற்கும் பிரமாணப் பத்திரத்தை மொழிபெயர்ப்பதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. பிரமாணப் பத்திரத்தில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஒருவர் பொறுப்பேற்று உறுதி சொல்லியிருக்கிறார். பொய்யென்று தெரிந்தே சொன்னது நிரூபணமானால் தண்டனை அவருக்குத்தான். அதனால் அவர் எழுதியதில் பிழை இருந்தால் அதுவும் அவருடையதுதான். மொழிபெயர்ப்பவர் அதைத் திருத்தினால், பத்திரம் கொடுத்தவர் சொல்லாத ஒன்றை அவர் உறுதி சொன்னதாகக் காட்டிவிடுகிறார். இந்தத் தொழிலில் நான் பிடித்துக்கொண்ட விதி இது ஒன்றுதான். அதை விளக்க ஒரு வழக்கையே எடுத்துக்கொள்கிறேன். ஆட்களின் பெயர் வேண்டாம்.

வில்லியனூர் கொம்யூனில் ஓர் அம்மாள், தெரிந்தவர் ஒருவருக்குப் புரோநோட்டு வாங்கிக்கொண்டு பணம் கொடுத்திருந்தார். பணம் திரும்பவில்லை. 2017-ல் வழக்குப் போட்டார். முதன்மை விசாரணைக்காக, அதாவது கூண்டில் நின்று வாயால் சொல்ல வேண்டியதற்குப் பதிலாக, தமிழில் மூன்று பக்கப் பிரமாணப் பத்திரம் கொடுத்தார். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 18-வது ஆணை, 4-வது விதி இதற்கு வழி செய்கிறது. இரண்டு கோர்ட்டுகளைத் தாண்டி வழக்கு இரண்டாம் மேல்முறையீடாகச் சென்னைக்குப் போனது. அப்போது யாரோ செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு டைப்டு செட்டில் சேர்ந்திருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் அதையும் தமிழ் மூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு ஆட்சேபம் எழுப்பினார். அதன் பிறகுதான் அந்த அம்மாளின் வக்கீல் மூலத்தின் சான்றிட்ட நகலையும் பழைய மொழிபெயர்ப்பையும் என்னிடம் அனுப்பினார். பழையதைத் திருத்தித் தரும்படி கேட்டிருந்தார். நான் அதை ஒதுக்கி வைத்துவிட்டு மூலத்திலிருந்து புதிதாகச் செய்தேன். முடித்த பிறகே பழையதை எடுத்து ஒப்பிட்டேன். முதலிலேயே படித்துவிட்டால் அதன் வாக்கியங்கள் கண்ணுக்குள் நின்றுவிடும். மூலம் என்ன சொல்கிறது என்பது மங்கிவிடும்.

முதல் கோளாறு தேதியில் இருந்தது. மூலத்தில் புரோநோட்டின் தேதி 05.08.2014. நம் வழக்கப்படி நாள் முன்னால், மாதம் பின்னால்: ஆகஸ்டு 5. மொழிபெயர்ப்பிலோ மே 8, 2014 என்று எழுத்தால் விரித்து எழுதியிருந்தது. கணினியில் அமெரிக்க நாட்காட்டி அமைப்பு இருந்திருக்கலாம், அல்லது தட்டச்சு செய்தவர் மாதம் முன்னால் வரும் பழக்கத்தில் இருந்திருக்கலாம். காரணம் எதுவானாலும் விளைவைப் பாருங்கள். கேட்டவுடன் தர வேண்டிய புரோநோட்டுக் கடனுக்கு, 1963-ம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, நோட்டின் தேதியிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். ஆகஸ்டு 5, 2014 என்றால் கடைசி நாள் ஆகஸ்டு 5, 2017. அந்த அம்மாள் வழக்குப் போட்டது ஆகஸ்டு 4, 2017. ஒரே ஒரு நாள் மிச்சம் வைத்துப் போட்டிருக்கிறார். மே 8 என்றாகிவிட்டால் ஏறக்குறைய மூன்று மாதம் தாமதம். பிரதிவாதி கேட்காவிட்டாலும், காலம் கடந்த வழக்கைத் தள்ளுபடி செய்வது கோர்ட்டின் கடமை என்று அந்தச் சட்டத்தின் 3-வது பிரிவு சொல்கிறது. புரோநோட்டு அசல் கட்டில் இருப்பதால் உண்மை கடைசியில் தெரிந்துவிடும், சரி. ஆனால் ஆங்கிலப் பக்கத்தை மட்டும் பார்க்கும் நீதிபதிக்கு முதல் வாசிப்பில் வழக்கு செத்துப்போன வழக்காகத் தெரியும்.

அதனால் எண்ணால் எழுதிய தேதியை நான் எண்ணாலேயே, அதே புள்ளிகளோடு, அதே வரிசையில் எழுதுவேன். மூலத்தில் மாதம் எழுத்தால் இருந்தால் மட்டுமே ஆங்கிலத்திலும் எழுத்தால் வரும். விரித்து எழுதுவது வாசிப்பவருக்கு உதவி என்று நினைக்கலாம். ஆனால் விரிக்கும்போது எது நாள், எது மாதம் என்று நான் தீர்ப்புச் சொல்லிவிடுகிறேன். அந்த உரிமை எனக்கு இல்லை.

தமிழ் மாதத் தேதி வந்தால் இதைவிடக் கவனம் வேண்டும். பழைய பாகப்பிரிவினைக் கணக்குகளை மேற்கோள் காட்டும் பத்திரங்களில் ‘பார்த்திப வருஷம் ஆடி மாதம் 18-ந் தேதி’ என்கிற மாதிரி வரும். பார்த்திப வருஷம் 2005-லும் பிறந்தது, அதற்கு அறுபது வருஷம் முன்னால் 1945-லும் பிறந்தது. எது என்பதைப் பத்திரத்தின் மற்றச் செய்திகள்தான் சொல்ல வேண்டும். வருஷம் தெரிந்தாலும், ஆங்கிலத் தேதி பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் ஒரு நாள் தள்ளிப்போகலாம். வாக்கியமும் திருக்கணிதமும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. அந்த ஒரு நாளில் காலவரையறை முடிந்துவிடலாம் என்பதை மேலே பார்த்தோம். எனவே வருஷப் பெயர், மாதப் பெயர், தேதி மூன்றையும் ஒலிபெயர்த்து அப்படியே வைப்பேன். ஆங்கிலத் தேதி வேண்டுமென்றால் வக்கீல் அதைத் தனியாக, பஞ்சாங்கத்தைக் காட்டி நிரூபிக்கட்டும்.

இந்தக் கரையில் தேதிச் சிக்கல் புதிதல்ல. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்த நாள் புதுச்சேரிக் கணக்கில் செப்டம்பர் 21, ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10. பிரான்சு கிரிகோரியன் நாட்காட்டிக்கு எப்போதோ மாறியிருந்தது. இங்கிலாந்து 1752 வரை மாறவில்லை. பதினோரு நாள் வித்தியாசம். ஆனந்தரங்கப் பிள்ளை அந்த நாள்களில் தமிழ் வருஷம், மாதம், தேதியையும் சேர்த்து எழுதி வைத்தார். அவருடைய நாட்குறிப்பைப் படிக்கும்போதெல்லாம், எந்தக் கணக்கு என்று குறிக்காத தேதி பாதித் தேதிதான் என்று எனக்குத் தோன்றும்.

அடுத்தது தொகை. மூலத்தில் இரண்டாவது பத்தியில் இப்படி இருந்தது: ‘ரூ.1,50,000/- (ரூபாய் ஒரு லட்சத்து ஐந்தாயிரம் மட்டும்)’. எண் ஒன்று சொல்கிறது, எழுத்து வேறொன்று சொல்கிறது. தட்டச்சில் ‘ஐம்பதாயிரம்’ ‘ஐந்தாயிரம்’ ஆகிவிட்டது என்று யாரும் ஊகிக்கலாம். பழைய மொழிபெயர்ப்பாளரும் ஊகித்திருக்கிறார். ஊகித்ததோடு நிற்காமல் ஆங்கிலத்தில் எழுத்தையும் ஒன்றரை லட்சமாக்கி, எண்ணை 150,000 என்று மேல்நாட்டு முறையில் காற்புள்ளி மாற்றி எழுதிவிட்டார். நல்ல எண்ணத்தில் செய்த காரியம்தான். எதிர்த்தரப்பு பிடித்ததும் இதைத்தான். மூலத்தில் இருக்கும் முரண்பாடு ஆங்கிலத்தில் மறைந்திருக்கிறது என்று காட்டிவிட்டால், மற்ற வரிகளையும் சந்தேகிக்க அது போதும்.

பத்திரத்தைக் கொண்டுவந்து கொடுத்த குமாஸ்தாவுக்கு இது ஆற்றாமையாக இருந்தது. “சார், எழுத்துல தப்புன்னு கண்ணாலேயே தெரியுதே. சரியாப் போட்டுட்டா யாருக்கு நஷ்டம்?” என்றார்.

நஷ்டம் அந்த அம்மாளுக்குத்தான் என்று சொன்னேன். புரோநோட்டில் எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தில் உள்ள தொகையே செல்லும் என்று 1881-ம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-வது பிரிவு சொல்கிறது. ஆனால் இங்கே முரண்பாடு புரோநோட்டில் இல்லை, அதைப் பற்றிச் சொல்லும் பிரமாணப் பத்திரத்தில் இருக்கிறது. அந்த விதி இதற்குப் பொருந்துமா, அசல் நோட்டில் என்ன இருக்கிறது, கோர்ட்டு எதை நம்ப வேண்டும் என்பதெல்லாம் வக்கீல் வாதாட வேண்டியவை. அசல் நோட்டில் எண், எழுத்து இரண்டிலும் ஒன்றரை லட்சம் இருப்பதை வக்கீல் பின்னர் என்னிடம் சொன்னார். அப்படியென்றால் அவர் கையில் நேர்மையான பதில் தயாராக இருக்கிறது: பத்திரத்தில் எழுத்துப் பிழை, அசல் ஆவணம் இதோ. மொழிபெயர்ப்பு அந்தப் பிழையை மறைக்காமல் வைத்தால்தான் அந்தப் பதிலைச் சொல்ல இடம் கிடைக்கும்.

நான் செய்தது இவ்வளவுதான். எண்ணை 1,50,000 என்று லட்சக் காற்புள்ளியோடு எழுதினேன். எழுத்தை ஒரு லட்சத்து ஐந்தாயிரம் என்றே ஆங்கிலத்தில் எழுதி, சதுர அடைப்புக்குறிக்குள் ‘மூலத்தில் உள்ளபடி’ என்ற பொருள்பட ஒரு சொல் சேர்த்தேன். வக்கீலுக்குத் தனிக் கடிதத்தில் பக்க எண், பத்தி எண், வரி எண் குறிப்பிட்டு முரண்பாட்டைச் சொன்னேன். பத்திரம் தாக்கல் ஆகும் முன் என்னிடம் வந்திருந்தால் நடைமுறை வேறு: வக்கீல் அதை அந்த அம்மாளிடம் காட்டுவார், திருத்தம் செய்து நோட்டரி அந்த இடத்தில் சுருக்கொப்பமிடுவார், அல்லது புதிதாகவே பத்திரம் எழுதி உறுதி வாங்குவார்கள். கோர்ட்டுக் கட்டில் ஏறிய பிறகு மூலத்தைத் தொட முடியாது.

வட்டியிலும் இதே நோய் இருந்தது. ‘நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய் வட்டி’ என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார். ஆங்கிலத்தில் ஆண்டுக்கு 18 சதவீதம் என்று வந்துவிட்டது. கணக்குச் சரி. ஆனால் அவர் சொன்னது மாத வட்டி. குறுக்கு விசாரணையில் அவரிடம் கேட்டால் ‘ஒன்றரை ரூபாய்’ என்றுதான் சொல்லியிருப்பார், 18 சதவீதம் என்று சொல்லியிருக்க மாட்டார். வாக்குமூலமும் குறுக்கு விசாரணையும் வேறு வேறு மொழியில் பேசுவதுபோல் ஆகிவிடும். வில்லியனூர், பாகூர்ப் பக்கத்து நிலக் கணக்குகளில் ‘குழி’ வந்தால் அதையும் நான் சதுர அடியாக்குவதில்லை. குழி குழியாகவே நிற்கும். ‘கொம்யூன்’ அப்படித்தான். பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன நிர்வாகப் பிரிவு அது. அதைத் தாலுகா என்றோ பஞ்சாயத்து ஒன்றியம் என்றோ மாற்றினால் சென்னையில் இருப்பவருக்குப் புரிந்ததுபோல் இருக்கும், ஆனால் வேறோர் இடத்தைச் சொன்னதாகிவிடும்.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன். ஆறாவது பத்தியில் ஒரு வரி: ‘பிரதிவாதி தன் வீட்டை விற்கப் பேசி முடித்துவிட்டாராம்.’ கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ‘ஆம்’ இந்தப் பத்திரத்திலேயே நேர்மையான எழுத்து. தான் பார்க்கவில்லை, கேட்டதைச் சொல்கிறேன் என்று அந்த அம்மாள் அதில் சொல்லிவிட்டார். கிராமத்துக்காரர்கள் வாக்குமூலம் சொல்லும்போது இந்த வேறுபாட்டை இயல்பாகவே காப்பாற்றுவார்கள்; ‘வந்தார்’ என்றால் பார்த்தது, ‘வந்தாராம்’ என்றால் கேட்டது. அதைத் தமிழில் தட்டச்சு செய்த வக்கீல் அலுவலகமும் மாற்றாமல் விட்டிருந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பில் அது பறந்துபோய், பிரதிவாதி வீட்டை விற்கப் பேசி முடித்துவிட்டார் என்று திட்டமான கூற்றாக நின்றது.

சட்டத்தில் இந்த வேறுபாட்டுக்குப் பெரிய எடை உண்டு. பிரமாணப் பத்திரம் தன் சொந்த அறிவால் நிரூபிக்கக்கூடிய செய்திகளோடு நிற்க வேண்டும். இடைக்கால மனுக்களில் மட்டும் நம்பிக்கையின் பேரில் சொல்லலாம், அதற்கும் நம்பிக்கையின் ஆதாரத்தைச் சொல்ல வேண்டும். 19-வது ஆணை, 3-வது விதி இது. எந்தப் பத்தி சொந்த அறிவு, எது கேள்விப்பட்டது என்று பிரித்துச் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1952-லேயே, பம்பாய் அரசுக்கும் புருஷோத்தம் ஜோக் நாயக்குக்கும் நடந்த வழக்கில் வலியுறுத்தியது. இந்த அம்மாளின் பத்திரத்தின் கடைசிப் பத்தி அப்படியே பிரித்திருந்தது: 1 முதல் 5 வரை தனக்கு நேரில் தெரிந்தவை, 6-வது பத்தி பக்கத்து வீட்டார் சொல்லக் கேட்டு உண்மையென்று நம்புவது. பழைய மொழிபெயர்ப்பு இந்த மூன்று வரியையும் ஒரே வரியாக்கி, எல்லாம் தன் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை உண்மை என்ற ஆயத்த வாசகத்தைப் போட்டிருந்தது. ஆங்கிலப் பத்திரங்கள் ஆயிரத்தில் பார்த்த வாசகம். கை தானாக அதை எழுதிவிடும். கோர்ட்டு வேண்டாமென்று சொன்ன கலவையும் அதுதான்.

கேள்விச் சாட்சியம் முதன்மை விசாரணையில் செல்லாது என்று எதிர்த்தரப்பு அந்த ஆறாவது பத்தியைத் தள்ளச் சொல்லலாம். தள்ளட்டும். வழக்கே அந்தப் பத்தியால் நிற்கவில்லை. ஆனால் கேட்டதைப் பார்த்ததாக ஆங்கிலத்தில் வைத்துவிட்டால், எதிர்த்தரப்பு கேட்கும் கேள்வி மாறிவிடும்: பார்க்காததைப் பார்த்ததாக உறுதி சொன்னவர் மற்ற ஐந்து பத்திகளில் மட்டும் உண்மை சொல்லியிருப்பாரா? தமிழில் அவர் அப்படிச் சொல்லவே இல்லை. எனக்குச் சொல்லப்பட்டபடி என்று தொடங்கும் ஆங்கில வாக்கியம் ஒன்று எழுதி, பத்திப் பிரிவையும் எண்ணோடு அப்படியே வைத்தேன்.

உறுதிமொழி வாசகம் கடைசி. 1969-ம் ஆண்டு உறுதிமொழிகள் சட்டத்தின் அட்டவணையில் பிரமாணப் பத்திரத்துக்கென்று ஒரு வாசகம் இருக்கிறது: இது என் பெயரும் கையொப்பமும், இந்தப் பத்திரத்தில் உள்ளவை உண்மை என்று கடவுள் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். இரண்டில் ஒன்று. அந்த அம்மாள் ‘உளமார உறுதி கூறுகிறேன்’ என்றிருந்தார். மொழிபெயர்ப்பில் கடவுள் வந்துவிட்டார். இப்படி ஒன்றுக்குப் பதில் மற்றொன்று வந்ததால் மட்டும் நடவடிக்கை செல்லாமல் போகாது. அதே சட்டத்தின் 7-வது பிரிவு அதைக் காப்பாற்றுகிறது. அதனால் சிலர் இதைச் சின்ன விஷயம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடவுள் பெயரை விலக்கி உறுதி சொல்பவர்கள் நம் ஊரில் நிறைய. பெரியார் வழியில் வந்தவர்கள் அதைக் கொள்கையாகவே செய்வார்கள். ஒருவர் எதன்மீது ஆணையிட்டார் என்பதை மாற்றிச் சொல்ல எனக்கு என்ன உரிமை?

நோட்டரியின் பகுதியையும் விட்டுவிடக் கூடாது. ‘என் முன்னிலையில் படித்துக் காட்டப்பட்டு, சரியென ஒப்புக்கொண்டு’ என்ற வரி, முத்திரையில் உள்ள எழுத்துகள், பக்கம் தோறும் உள்ள கையொப்பம், அடித்து எழுதிய இடம் எல்லாம் மொழிபெயர்ப்பில் வர வேண்டும். கையொப்பத்தை நான் நகலெடுப்பதில்லை. தமிழில் கையொப்பம் என்று சதுர அடைப்பில் எழுதுவேன். இந்தப் பத்திரத்தில் தேதிக்கு விட்ட இடத்தில் மாதம் மட்டும் கையால் எழுதி, நாள் நிரப்பாமல் இருந்தது. முந்தையவர் அடுத்த பக்கத்து முத்திரையிலிருந்து நாளை எடுத்து நிரப்பியிருந்தார். நான் வெற்றிடமாகவே விட்டு, மூலத்தில் வெற்றிடம் என்று குறித்தேன்.

பெயர்கள் பற்றி ஒரு வார்த்தை. புதுச்சேரியில் ஒரே ஆள் இரண்டு எழுத்துக்கூட்டலில் வாழ்கிறார். மேரி என்னும் நகரமன்றத்தில் பதிந்த பழைய பிறப்புச் சான்றில் கிருஷ்ணசாமி பிரெஞ்சு முறையில் சி-எச், இரட்டை எஸ் போட்டு எழுதப்பட்டிருக்கும். ஆதாரில் ஆங்கில முறையில் எஸ்-எச் இருக்கும். தமிழிலிருந்து நானாக ஒலிபெயர்த்தால் மூன்றாவது எழுத்துக்கூட்டல் பிறக்கும், கோர்ட்டுக்கு மூன்று ஆள். அதனால் கோர்ட்டுக் கட்டின் வழக்குத் தலைப்பில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலை வக்கீலிடம் கேட்டு வாங்கி, எல்லாப் பக்கத்திலும் அதையே போடுவேன். அதைப் போட்டேன் என்பதைச் சான்றிலும் சொல்வேன்.

முடித்த பிறகு சரிபார்ப்பதற்கு எனக்கு ஒரு துணை வேண்டும். அவர் தமிழ் மூலத்தில் உள்ள எண்களை மட்டும், கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி, ஒவ்வோர் இலக்கமாக உரக்கப் படிப்பார். நான் ஆங்கிலப் பக்கத்தில் விரல் வைத்துச் செல்வேன். முன்னிருந்து படித்தால் கதை இழுத்துக்கொண்டு போய்விடும், எண் கண்ணில் படாது. அதன் பிறகு எதிர்மறைகளை மட்டும் தேடி ஒரு முறை: ‘இல்லை’, ‘மாட்டேன்’, ‘தவிர’. பிறகு ‘ஆம்’, ‘என்று சொன்னார்’, ‘எனத் தெரிகிறது’ ஆகியவற்றுக்கு ஒரு முறை.

பிரான்சில் நீதிமன்றத்தின் முன் ஆணையிட்டுப் பட்டியலில் ஏறிய மொழிபெயர்ப்பாளர்கள் உண்டு. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள நம் ஊர்க்காரர்கள் என்னிடம் வந்து ‘நீங்க ஆணையிட்ட ஆளா சார்?’ என்று கேட்பார்கள். இந்தியாவில் நாடு முழுவதற்குமான அப்படியொரு பட்டியல் இல்லை. நோட்டரிகள் சட்டம் 1952, 8-வது பிரிவு, மொழிபெயர்க்கவும் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கவும் நோட்டரிக்கு அதிகாரம் தருகிறது; உயர் நீதிமன்றத்தில் பெரும்பாலும் வக்கீல் சான்றிட்ட மொழிபெயர்ப்பே போகிறது. உறுதிமொழிகள் சட்டத்தின் அட்டவணையில் மொழிபெயர்த்துச் சொல்பவருக்கும் தனியாக ஒரு வாசகம் இருக்கிறது. தன்னிடம் தரப்படும் ஆவணங்களைச் சரியாகவும் துல்லியமாகவும் மொழிபெயர்ப்பேன் என்று அதில் வருகிறது. கோர்ட்டில் ஏறி அதைச் சொல்லாதபோதும் என் சான்றை அதன் அளவுக்கு எழுதப் பார்ப்பேன்.

அந்த அம்மாளின் பத்திரத்துக்கு நான் எழுதிய சான்று இப்படி: எனக்குத் தமிழும் ஆங்கிலமும் தெரியும். மூன்று பக்கமுள்ள சான்றிட்ட நகலிலிருந்து மொழிபெயர்த்தேன், அசலை நான் பார்க்கவில்லை. சதுர அடைப்புக்குள் உள்ளவை என்னுடையவை, மற்றவை மூலத்தினுடையவை. பெயர்களின் எழுத்துக்கூட்டல் வழக்குத் தலைப்பிலிருந்து எடுத்தது. இரண்டாம் பக்கத்தில் எண்ணும் எழுத்தும் வேறுபடுவது மூலத்திலேயே உள்ளது. மூன்றாம் பக்கத்தில் முத்திரை மறைத்த ஒரு சொல்லைப் படிக்க முடியவில்லை, அதை ஊகிக்கவில்லை. வக்கீல் அதைப் பழையதற்குப் பதிலாக ஒரு மெமோவோடு தாக்கல் செய்தார். முரண்பாடு பற்றி எதிர்த்தரப்பு கேட்டபோது புரோநோட்டின் அசலைக் கட்டிலிருந்து எடுத்துக் காட்டினார்.